வௌவால் கடிச்ச மாம்பழம்

"போச்சம்பள்ளி பக்கம் எங்க தோப்புல கீழ விழுந்த மாம்பழத்த பையன் பாதி தின்னுட்டான், வௌவால் கடிச்ச மாதிரி இருக்கு, நிபாவா இருக்குமோ?"

இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணாம்ங்க, ஆனா தின்ன தேதிய எழுதி வைங்க. வந்தா பெரும்பாலும் 4 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள தெரியும், அறிகுறி இல்லாதப்ப டெஸ்ட் எடுத்தும் பிரயோஜனம் இல்ல.

வைரஸ் வௌவால் எச்சில்ல இருக்கும், அதனால பல் தடமோ நகக் கீறலோ இருந்தா கடிச்ச இடத்த மட்டும் வெட்டிட்டு மிச்சத்த குடுக்காதீங்க, முழுசா தூக்கிப் போடுங்க. மரத்துல பறிச்சத கழுவி தோல் சீவி தாராளமா தரலாம்.

பனையில ராத்திரி திறந்த கலயத்துல வடியிற பதநீரயும் பச்சையா குடிக்க வேணாம், வௌவால் அதையும் நக்கும், பங்களாதேஷ்ல பச்ச ஈச்சஞ்சாறு குடிச்சுத்தான் நிறைய பேருக்கு வந்துச்சு. கொதிக்க வச்சா வைரஸ் செத்துரும்.

காய்ச்சல், தலைவலி, வாந்தி மட்டும்னா டெங்குவாவும் இருக்கலாம், டாக்டர்கிட்ட பழம் தின்னத மறக்காம சொல்லுங்க. கூடவே பையன் தூங்கி வழிஞ்சாலோ பேச்சு குழறினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காம உடனே 108 கூப்பிடுங்க.