மூன்றாம் நாளும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதுங்கள்

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழுவில் வழிகாட்டல் திட்டத்துக்கான நெறிமுறையைத் திருத்தி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வழிகாட்டுநர், பயிலுநர் இருவரின் பொறுப்புகளும் எல்லைகளும் நடைமுறைக்கு ஒத்துவரும்படி, குழப்பமில்லாமல் எப்படி எழுதுவது?

பதில்:

பழைய நெறிமுறையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். சென்ற சுற்றில் பாதியில் நின்றுபோன இணைகள் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் பரிமாறிக்கொண்ட செய்திகளைத் தேதி வாரியாகப் படியுங்கள். எங்கே நின்றது, அதற்கு முன் கடைசியாக எழுதியவர் யார், அடுத்து எழுத வேண்டியவர் யார் என்று பாருங்கள். உங்கள் புதிய நெறிமுறைக்கான விஷயம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கிடைக்கும்.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஒரு தன்னார்வக் குழுவுக்காக நான் இந்த வேலையைச் செய்தபோது கண்ட ஓர் இணையைச் சொல்கிறேன். பயிலுநர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தன் முதல் மொழிபெயர்ப்பை அனுப்பி, "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று எழுதியிருந்தார். வழிகாட்டுநர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்த வாரமும் நேரம் கிடைக்கவில்லை, அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் விரிவான, அன்பான பதில் ஒன்றை அனுப்பினார். அதற்குள் பயிலுநர், தான் செய்தது மோசமாக இருக்கிறது, அதைச் சொல்ல வழிகாட்டுநர் தயங்குகிறார் என்று முடிவுகட்டி விலகிவிட்டார். நினைவூட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "தொல்லை கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்" என்றார்.

அந்தக் குழுவின் நெறிமுறையில் அப்போது இருந்த வரி இது: "வழிகாட்டுநர் எப்போதும் அணுகக்கூடியவராக இருக்க வேண்டும், பயிலுநர் ஆர்வத்துடன் முன்முயற்சி எடுக்க வேண்டும்." இருவருமே அதை மீறவில்லை. யாரும் மீறாமலேயே உறவு முறிந்துபோக இடம் கொடுத்தது அந்த வரி. அதை இப்படி மாற்றினோம்:

"பயிலுநரின் செய்திக்கு வழிகாட்டுநர் 3 வேலை நாட்களுக்குள் பதில் தருவார். முழுப் பதில் தர முடியாதபோது, எந்த நாளில் தருவார் என்று ஒரு வரியாவது எழுதுவார். 3 நாட்கள் கடந்தால் பயிலுநர் ஒருமுறை நினைவூட்டுவார். அதன்பின் 2 வேலை நாட்களிலும் பதில் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுவார். இது புகாராகப் பதிவாகாது."

நினைவூட்டுவது இதில் பயிலுநரின் கடமையாகிவிட்டது. தயங்குகிறவருக்கு அனுமதி மட்டும் போதாது. 'நினைவூட்டலாம்' என்றால் அவர் மேலும் தயங்குவார், 'நினைவூட்டுவார்' என்றால் எழுதிவிடுவார். ஒவ்வொரு பொறுப்பையும் எழுதும்போது, அது நிறைவேறாமல் போனால் அடுத்த அடியை யார், எத்தனை நாளில் எடுத்து வைப்பார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தப் பாதி இல்லாத வரி வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. நெறிமுறைகள் நடைமுறைக்கு ஒவ்வாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். "வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?" என்று கேட்டால் நல்ல மனம் படைத்தவர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். "கடந்த இரண்டு வாரங்களில் இதற்காக உண்மையில் எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

பழைய நெறிமுறை கேட்டதைக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பயிலுநருக்கு வாரந்தோறும் 45 நிமிடச் சந்திப்பு, அனுப்பிய வேலையைப் பார்த்துக் குறிப்பெழுத 40 நிமிடம், இடையில் வரும் மூன்று கேள்விகளுக்குத் தலா 15 நிமிடம். மொத்தம் 130 நிமிடம். ஆளுக்கு இரண்டு பயிலுநர்கள் என்பதால் 260 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல். கையில் இருந்த நேரத்தைப் போல இருமடங்கு கேட்டிருக்கிறோம். வழிகாட்டுநர்கள் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் தவறு எங்கள் தாளில் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதிய கணக்கில் ஆளுக்கு ஒரு பயிலுநர்தான். சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம். வாரம் ஒரு வேலையைப் பார்க்க 40 நிமிடம். செய்திகளுக்கு வாரத்தில் இரண்டு முறை, தலா 15 நிமிடம். சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மிச்சமிருக்கும் இருபத்தேழு நிமிடம் காய்ச்சலுக்கும் அலுவலக நெருக்கடிக்கும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தோம். இதனால் நாங்கள் சேர்க்கக்கூடிய பயிலுநர்கள் பாதியாகக் குறைந்தார்கள். குழுவில் எதிர்ப்பு வந்தது. இந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தால், நெறிமுறையில் மற்றதை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் உதவாது.

வழிகாட்டுநரின் நேரம் எல்லைக்குட்பட்டது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பயிலுநரின் பொறுப்பைத் துல்லியமாக எழுத முடிகிறது. "ஆர்வத்துடன் பங்கேற்க வேண்டும்" என்பதை எடுத்துவிட்டு, சந்திப்புக்கு முந்தைய நாள் மூன்று வரி அனுப்பும்படி கேட்டோம்: எதை முயன்றேன், எங்கே சிக்கியது, நாளை எதைப் பேச விரும்புகிறேன். ஆர்வம் இருக்கிறதா என்று யாரும் சரிபார்க்க முடியாது. மூன்று வரி வந்ததா என்று பார்க்கலாம். அந்த வரிகள் வராவிட்டால் சந்திப்பை ஒத்திப்போடும் உரிமை வழிகாட்டுநருக்கு உண்டு. சொல்லாமல் இரண்டு சந்திப்புகளுக்கு வராதவர் யாராக இருந்தாலும், காத்திருந்தவர் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிப்பார். இந்த விதி இரு பக்கத்துக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் 'வேண்டும்' என்ற சொல் கட்டாயத்தையும் குறிக்கும், அறிவுரையையும் குறிக்கும். "குறித்த நேரத்துக்கு வர வேண்டும்", "மனம்விட்டுப் பேச வேண்டும்" என்ற இரண்டும் பார்வைக்கு ஒரே எடையில் நிற்கின்றன. இணையத் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதுகிறவர்கள் இதே சிக்கலுக்காக, எந்தச் சொல் கட்டாயம், எந்தச் சொல் பரிந்துரை, எந்தச் சொல் விருப்பம் என்று 1997இலேயே ஒரு தனிக் குறிப்பில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் எளிதாக ஒரு வழி செய்தோம். கட்டாயமானவற்றை 'செய்வார்', 'தருவார்' என்று எழுதினோம். பரிந்துரைகளை 'செய்வது நல்லது' என்றும், விருப்பத்துக்கு விட்டவற்றை 'செய்யலாம்' என்றும் எழுதி, இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டோம். பழைய ஆவணத்தின் 'வேண்டும்'களை இந்த மூன்றில் ஒன்றாக மாற்றும்போது குழுவுக்குள் வந்த விவாதம் முக்கியமானது. ஒரே வரியைச் சிலர் கட்டாயம் என்றும் சிலர் அறிவுரை என்றும் அத்தனை நாள் படித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எல்லைகளுக்கு வருகிறேன். 'வழிகாட்டுநர் செய்யாதவை' என்று ஒரு பகுதி கண்டிப்பாகத் தேவை. ஆனால் கதவை மூடும் ஒவ்வொரு வரியும் அடுத்த கதவையும் காட்டட்டும். பயிலுநரின் வேலையை வழிகாட்டுநர் செய்து தரமாட்டார், மாதிரிக்கு ஒரு பகுதியைச் செய்து காட்டலாம். பரிந்துரைக் கடிதம் தருவது அவர் விருப்பம், திட்டத்தின் கடமை கிடையாது. குழு தரும் பங்கேற்புச் சான்றை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம். கடன், குடும்பச் சிக்கல், மன அழுத்தம் ஆகியவற்றுக்கு அவர் ஆலோசகர் ஆகமாட்டார். காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, தகுதியான உதவி எங்கே கிடைக்கும் என்று குழு வைத்திருக்கும் பட்டியலைத் தருவார். அந்தப் பட்டியலை நீங்கள் உண்மையிலேயே தயாரித்து இணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வரி பொய்யாகிவிடும்.

பழைய நெறிமுறையில் "பேசியது எதுவும் வெளியே போகாது" என்று இருந்தது. காப்பாற்ற முடியாத வாக்குறுதி அது. யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அல்லது குழுவுக்குள் ஒருவர் துன்புறுத்தப்படுவது தெரிந்தால், வழிகாட்டுநர் பேசாமல் இருக்க முடியாது. இந்த விதிவிலக்குகளை வெளிப்படையாக எழுதி, முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். பயிலுநரைத் தேர்ச்சிக்கு மதிப்பிடுகிறவரே வழிகாட்டுநராக இருந்தால் இந்தப் பகுதி முழுவதும் பயனற்றுப் போகும். மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். உங்கள் திட்டத்தில் அப்படி இருந்தால் முதலில் அந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்துவிடுங்கள்.

முடிவுக்கும் தேதி வையுங்கள். அமெரிக்காவில் பதின்வயதினருக்குப் பெரியவர்களைத் துணையாக இணைக்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பலன் அதிகம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் இளையோரின் தன்மதிப்பு குறைந்திருந்தது. பெரியவர்களுக்கு அதே அளவில் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் நீண்ட காலம் என்று பேசித் தொடங்கி இடையில் கைவிடுவதைவிட, 12 வாரம் என்று சொல்லி 12 வாரமும் நடத்துவதை நான் தேர்ந்தெடுப்பேன். நான்காம் வாரத்தில் ஒருங்கிணைப்பாளர் இருவரிடமும் தனித்தனியே, தொடர விருப்பமா என்று கேட்பார். விருப்பமில்லை என்றால் காரணம் கேட்காமல் இணையை மாற்றுவார். விலகுகிறவர் தானாக வந்து சொல்ல நேராதபடி, கேட்கும் வேலையைத் திட்டமே ஏற்றுக்கொள்கிறது.

எழுதி முடித்ததும் வரைவை "படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறதா சொல்லுங்கள்" என்று அனுப்பாதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். ஐந்து சூழ்நிலைகளை எழுதி, ஒரு வழிகாட்டுநரிடமும் ஒரு பயிலுநரிடமும் தனித்தனியே கொடுத்து, வரைவைப் பார்த்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். நான்கு நாளாகப் பதில் இல்லை, இப்போது யார் என்ன செய்வார்? பயிலுநர் நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கிறார், எடுக்க வேண்டுமா? இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகள் போதும். எங்கள் வரைவில் நான்குக்கு இருவரும் ஒரே பதிலை எழுதினார்கள். ஐந்தாவது, வழிகாட்டுநர் வெளியூர் போகும் வாரங்கள் 12 வாரக் கணக்கில் சேருமா என்பது. வழிகாட்டுநர் சேரும் என்று எழுதினார், பயிலுநர் சேராது என்று எழுதினார். வரைவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றே ஒரு வரி சேர்த்தோம்: வழிகாட்டுநர் ஒரு வாரத்துக்கு மேல் வெளியூரில் இருந்தால், அந்த வாரங்கள் கடைசியில் கூட்டப்படும்.