எம்.பி.ஏ. இருக்கட்டும் ஆச்சி, அந்த அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுங்கள்

சென்ற வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகள் சிவில் டிப்ளமோ முடித்தவள். காரைக்குடியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் போடுகிறாள், சம்பளம் 22,000. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய செட்டிநாட்டு வீடுகளை அளந்து, பழுது பார்க்க நினைக்கும் உரிமையாளர்களுக்கு வரைந்து கொடுக்கிறாள். ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப்தான். ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு வரும் வழியில் ஸ்கூட்டியிலேயே கண் சொருகிப் புதருக்குள் போய்விட்டாள். நல்லவேளை, அடி இல்லை.

பயந்துபோன அம்மாவிடம் சித்தப்பா சொன்ன வழி: "அந்தச் சில்லறை வேலையை விடச் சொல்லுங்க, வார இறுதி எம்.பி.ஏ.வில் சேருங்க." செலவு மூன்று லட்சம்.

ஆச்சி, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் இந்தப் படிப்புக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இப்போது வீடு அளக்கும் அதே ஞாயிறைத்தான் அதுவும் கேட்கும். சம்பாதிக்கும் நாளைக் கடன் வாங்கும் நாளாக மாற்றுவதற்கு நான் துணை போக முடியாது. வீட்டு நடுமுற்றமான வளவின் தூண்களைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? அதை மூன்று லட்சம் கொடுத்து வாங்க முடியாது.

அவள் செய்யும் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுத்தவன், அதனால் சொல்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டை அறை அறையாக அளந்து கூட்டினால் தப்பு சேர்ந்துகொண்டே போகும். முகப்பில் ஒரு புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்து, அங்கிருந்தே தொடர்ச்சியாக அளக்க வேண்டும். சுவரின் கனத்தை நிலைவாசலில் எடுக்க வேண்டும். வளவுக்கு இரண்டு மூலைவிட்டமும் அளந்தால்தான் அது சதுரமா, கோணலா என்று தெரியும். சுண்ணாம்புப் பூச்சில் சிறு வித்தியாசம் வரும். ஆனால் மொத்த நீளமும், அறைகளையும் சுவர்களையும் கூட்டிய நீளமும் சாண் கணக்கில் இடித்தால், அளந்தவர் களைத்திருந்தார் என்று அர்த்தம். அவளுடைய கடைசி இரண்டு வீட்டிலும் அப்படித்தான் இடித்திருக்கிறது, மறுபடி போய் அளந்திருக்கிறாள். ஸ்கூட்டிக்கு முன்னாலேயே வரைபடம் எச்சரித்துவிட்டது.

இப்போது கணக்கு. ஒரு வீட்டுக்கு 12,000 வாங்குகிறாள். டேப் பிடிக்கும் பையன், பெட்ரோல், பிரிண்ட் போக 10,500 நிற்கும். அளக்க 7 மணி, வரைய 12, சரிபார்க்க 3, ஆக 22 மணி நேரம். மணிக்கு 477 ரூபாய். ஆபீஸ் சம்பளம் மணிக்கு நூறு ரூபாய் சொச்சம். அதற்காக வேலையை விடச் சொல்லவில்லை. மாதாமாதம் வீடு கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாதம் ஒரே ஒரு வீடு, ஒரு ஞாயிறு அளப்பதற்கு, மற்ற ஞாயிறு ஓய்வுக்கு, வார நாளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப் இல்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அடுத்தது அந்த அப்பாயின்ட்மெண்ட் ஆர்டர். மகள் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்ததே இல்லையாம். நான் படித்தேன். முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை கூடாது என்று ஒரு வரி, வேலைக் காலத்தில் போடும் வரைபடங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இன்னொரு வரி. இவள் போடும் வீட்டுப் படத்துக்கே நாளை அவர்கள் உரிமை கேட்கலாம். மேனேஜர் "பரவாயில்லம்மா" என்று வாயால் சொன்னது போதாது, அவர் மாறிவிட்டால் அந்தச் சொல்லும் போய்விடும். ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும்: பழைய வீடுகளை அளந்து வரைவது மட்டும், ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, சொந்த லேப்டாப், சொந்த மென்பொருள், நிறுவனத்தின் வாடிக்கையாளர் யாரிடமும் வேலை எடுப்பதில்லை, இந்த வரைபடங்களில் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. பதில் மெயிலில் வரும்வரை புது வீடு ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆபீஸ் ஆட்டோகேடைத் தொடவே கூடாது. வாங்க முடியாவிட்டால் லிப்ரேகேட் இலவசம். பழைய வீடு புதுப்பிக்கும் வேலையை நிறுவனமே எடுக்கத் தொடங்கினால், அன்றைக்கு இவள் மறுபடி கேட்டாக வேண்டும்.

கார்டில் "ஆர்க்கிடெக்ட்" என்று போட்டிருக்கிறாள். அதை இன்றே எடுக்க வேண்டும். கட்டடக் கலைஞர் கவுன்சிலில் பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. "பழைய வீட்டு அளவை வரைபடம்" என்று போட்டாலே வேண்டியவருக்குப் புரியும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது ஆச்சி, உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் கூப்பிட்டார் என்று அளந்துவிட்டு வந்தால், பாகப்பிரிவினைச் சண்டையில் இவள் போட்ட படமே சாட்சியாக நிற்கும். பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தையும் பாதிப் பணத்தையும் வாங்கிய பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறே வரச் சொல்லியிருக்கிறாராம். இன்று சாயங்காலமே போன் செய்து, ஆபீஸ் பதில் வந்த பிறகு தேதி சொல்கிறேன் என்று சொல்லிவிடட்டும். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.