வேகத்தில் நன்றாக ஓடும் பைக், சிக்னலில் மட்டும் ஆஃப் ஆவது ஏன்?

கேள்வி: என்னுடையது 150 சிசி இன்ஜெக்‌ஷன் பைக். 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் பட்டனைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கால் மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும், சிக்னலில் கிளட்சைப் பிடித்தால் ஆஃப் ஆகிவிடுகிறது. கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. 4,000 ஆர்பிஎம் தாண்டினால் எந்தக் குறையும் இல்லை. இன்ஜின் விளக்கும் எரியவில்லை. மெக்கானிக் பியூயல் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளில் இரண்டு, பம்ப் மீது விழும் சந்தேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன.

முதலாவது, 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் குறை இல்லை என்பது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் மிகச் சொற்பம். பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு மேட்டில் முழு ஆக்ஸிலேட்டரில் ஏறும்போது அதைப் போலப் பல மடங்கு வேண்டும். அதனால் பம்ப் பலவீனமானால் அது முதலில் தெரிவது மேட்டிலும் நெடுஞ்சாலையிலும்தான். அங்கே சளைக்காமல் கொடுக்கிற பம்ப், சிக்னலில் நிற்கும்போது மட்டும் கொடுக்க முடியாமல் போவது அபூர்வம்.

இரண்டாவது, காலையில் நன்றாக இருந்துவிட்டு சூடானதும் தகராறு செய்வது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான இசியு அதற்குக் கூடுதல் பெட்ரோலும் கூடுதல் காற்றும் கொடுத்து, ஐடிலிங்கை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கும். காற்று வரும் வழியில் அழுக்கு இருந்தாலும் அந்தக் கூடுதல் காற்று அதை மறைத்துவிடும். சூடாக ஆக அந்த உபரியை இசியு குறைத்துக்கொண்டே வரும். அப்போதுதான் அழுக்கின் வேலை வெளியே தெரியும். ஆகவே முதலில் திறந்து பார்க்க வேண்டியது, இன்ஜினுக்குக் காற்றைக் கூட்டிக் குறைத்து விடும் த்ராட்டில் பாடி.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். அதோடு, தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சின்ன பைபாஸ் துளை உண்டு. பல பைக்குகளில் அந்தத் துளையை ஐடில் வால்வு ஒன்று கூட்டிக் குறைக்கும். ஐடிலிங்கில் இன்ஜின் மூச்சு விடுவது இந்த வழிகளில் மட்டும்தான். இன்ஜினுக்குள்ளிருந்து பிரீதர் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும், ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்தூசியும் சேர்ந்து, தகட்டின் விளிம்பில் கருப்பு வளையமாகப் படிகின்றன. தகடு அகலத் திறந்து வேகமாகப் போகும்போது இந்தப் படிவு ஒரு பொருட்டே இல்லை. மூடியிருக்கும்போது மட்டும் அது இன்ஜினின் கழுத்தைப் பிடிக்கிறது.

இசியு சும்மா இருப்பதில்லை. ஐடிலிங் இறங்குவதைப் பார்த்து ஐடில் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து சமாளிக்கும். மாதக்கணக்கில் இப்படியே ஓடும், ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஒரு கட்டத்தில் வால்வு திறக்கக்கூடிய எல்லை நெருங்கிவிடும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடித்தால், ஆர்பிஎம் சடாரென்று இறங்கும் வேகத்துக்கு வால்வால் ஈடுகொடுக்க முடியாது. இன்ஜின் ஆஃப். கிளம்பும்போது வரும் திணறலுக்கும் இந்தப் படிவு காரணமாகலாம். தகடு இத்தனை டிகிரி திறந்தால் இத்தனை காற்று வரும் என்ற கணக்கில் பெட்ரோல் தெளிக்கும் பைக்குகளில், கணக்கை விடக் குறைவாகக் காற்று வந்தால் கலவையில் பெட்ரோல் அதிகமாகிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை கரி பிடித்திருப்பதைப் பார்க்கலாம்.

சுத்தம் செய்வது கடினமான வேலை இல்லை, ஆனால் அவசரம் கூடாது. இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயை விலக்குங்கள். உள்ளே டார்ச் அடித்தால் தகடும் அதன் விளிம்புக் கருப்பும் தெரியும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரையே வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர்களில் சில, உள்ளே இருக்கும் மெல்லிய பூச்சையும் ரப்பர் சீல்களையும் கெடுத்துவிடும். கிளீனரை நேராகப் பீய்ச்சாமல் பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். பீய்ச்சினால் திரவம் தகட்டின் அச்சு வழியாக சென்சாருக்குள் இறங்கக்கூடும். கேபிள் வைத்த பைக் என்றால் ஹேண்டிலில் ஆக்ஸிலேட்டரை முறுக்கித் தகட்டைத் திறந்து, விளிம்பின் இரு பக்கமும், அது வந்து உட்காரும் சுவரையும் துடையுங்கள். கேபிள் இல்லாமல் மோட்டாரால் திறக்கும் வகை என்றால் தகட்டை விரலால் தள்ளவே கூடாது, அதைச் சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள்.

பைபாஸ் துளைக்கு மட்டும் குழல் வைத்துச் சிறிதாக ஒரு பீய்ச்சல் போதும். ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் முனையைத் துணியால் ஒற்றி எடுங்கள். அதை அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம், உள்ளிருக்கும் நுண்ணிய மரை கெட்டுவிடும்.

இதில் பலர் செய்யும் ஒரு காரியம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தகடு வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு ஸ்குரூ இருக்கும், பெரும்பாலும் பெயின்ட் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். ஐடிலிங் குறைகிறதே என்று அதைத் திருகி ஏற்றிவிடுகிறார்கள். ஐடிலிங் ஏறும், உண்மைதான். ஆனால் தகடு முழுதாக மூடியிருக்கிறது என்று இசியு நினைத்திருக்கும் புள்ளியே நகர்ந்துவிடும். அதற்கப்புறம் எதைச் சரிசெய்தாலும் கணக்கு ஒட்டாது. அதைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் மாட்டியபிறகு இன்ஜின் பக்கமுள்ள ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஐடிலிங் சற்று அதிகமாக இருக்கலாம், இசியு பழைய அழுக்குக்கு ஏற்ற திறப்பை நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்கு சூடாகும் வரை ஓட விடுங்கள். சில பைக்குகளுக்கு இதற்கென்று தனி ரீசெட் முறை உண்டு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அப்புறம் சோதனை: சூடான இன்ஜினில் சட்டென்று முறுக்கிச் சட்டென்று விடுங்கள். ஆர்பிஎம் இறங்கி, மேனுவல் சொல்லும் ஐடிலிங் அளவில் வந்து நின்றால் சரி. உங்கள் அளவுள்ள பைக்குகளில் அது பொதுவாக 1,400-ஐ ஒட்டி இருக்கும். அதற்கும் வெகுவாகக் கீழே போய்த் தள்ளாடி எழுந்தால் வேலை இன்னும் பாக்கி.

ஆஃப் ஆவது நின்று, திணறல் மட்டும் நிற்கவில்லை என்றால் அடுத்து, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார். என்னிடம் வந்த ஒரு பைக்கை அப்படியே சொல்கிறேன். அறிகுறிகள் உங்களுடையவைதான். வேறு இடத்தில் பம்பையே மாற்றிவிட்டார்கள், குறை போகவில்லை. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததும் சிக்னலில் ஆஃப் ஆவது நின்றது, கிளம்பும்போது வந்த திணறல் அப்படியே இருந்தது. இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், சென்சாரின் சிக்னல் வயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே வோல்ட் மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். மூடிய நிலையில் 0.61 வோல்ட். மெல்ல முறுக்க முறுக்க 0.7, 0.8 என்று ஏறியது. பிறகு திடீரென்று 0.5-க்கு விழுந்து, மறுகணமே 0.9-க்குத் தாவியது. அதற்கு மேல் 4.3 வரை வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே குழி. உள்ளே உரசும் முள், நகர வாழ்க்கையில் அதிக நேரம் நிற்பது அந்த ஆரம்பப் பகுதியில்தான். அங்கேயே தேய்ந்திருந்தது. சென்சாரை மாற்றியதும் திணறல் போய்விட்டது.

இன்ஜின் விளக்கு எரியாததற்கும் இதில் பதில் இருக்கிறது. வயர் அறுந்தது, ஷார்ட் ஆனது போல வோல்டேஜ் எல்லை மீறினால்தான் பொதுவாக இசியு விளக்கைப் போடும். 0.5 வோல்ட் என்பது எல்லைக்குள் இருப்பதால், தகடு சட்டென்று மூடிக்கொண்டது என்று நம்பி அது பெட்ரோலைக் குறைக்கும். விளக்கு எரியவில்லை என்பதால் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. டிஜிட்டல் மீட்டர் இந்தக் குழியைத் தவறவிடலாம், முள் உள்ள பழைய மீட்டர் இதற்கு நல்லது. காந்தத்தால் வேலை செய்யும், உரசாத வகை சென்சார் உங்கள் பைக்கில் இருந்தால் இப்படித் தேய வழியில்லை.

பம்பையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்த்துவிடலாம். சாவியைப் போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று நொடி 'உய்ங்' என்று சத்தம் வர வேண்டும். அது பம்ப் ஓடுகிறது என்பதற்குத்தான் சாட்சி, போதுமான அழுத்தம் தருகிறது என்பதற்கு அல்ல. அதற்குப் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். பல பைக்குகளில் அளவு 3 பார் அளவில் இருக்கும், உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி. ஐடிலிங்கிலும், சட்டென்று முறுக்கும்போதும் முள் நிலையாக நின்றால் பம்ப் நல்லது. விழுந்தால்கூட உடனே பம்பைப் பழி சொல்லாதீர்கள். டேங்கினுள் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கலாம், கனெக்டர் பச்சை பிடித்திருக்கலாம். பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் வோல்டேஜை அளந்து, அதே நேரத்தில் பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்டுக்கு மேல் குறைந்தால் முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள். ஹோஸைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக ஆஃப் ஆகும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிவிடுவது கட்டாயம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீறிட்டால் தீப்பிடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சூடானால் மட்டும் ஆஃப் ஆகிறது என்றால், இன்ஜெக்‌ஷன் பக்கத்தை விட்டுவிட்டு வால்வ் கிளியரன்ஸை, அதாவது இன்ஜின் வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளியரன்ஸ் இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வ், சூட்டில் முழுதாக மூடாமல் கம்ப்ரஷனைக் கசியவிடும். ஐடிலிங்கில் அது போதும், இன்ஜின் நின்றுவிடும். வேகத்தில் கசிய நேரம் கிடைக்காததால் ஓட்டத்தில் தெரியாது. 38,000 கி.மீ.க்குள் அது ஒருமுறையும் அளக்கப்படவில்லை என்றால், த்ராட்டில் பாடி வேலையோடு சேர்த்தே அளந்துவிடுங்கள். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.