கூத்துத் தொடருக்கு ஒரே ஒலியளவு: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணா, கூத்துக் கலைஞர்களைப் பற்றி ஒரு காணொளித் தொடர் செய்கிறோம். எல்லாவற்றிலும் உச்சத்தை −1 டெசிபலுக்கே கொண்டுவந்தேன். ஆனாலும் ஒன்று கத்துகிறது, ஒன்று முணுமுணுக்கிறது. உச்சம் ஒன்றென்றால் சத்தமும் ஒன்றுதானே?

உச்சத்தைக் கட்டுப்படுத்தியது சரி. ஒலி உடைந்து கரகரக்காமல் அது காக்கும். ஆனால் மத்தளத்தில் விழும் ஓர் அடி இமைப்பொழுதில் −1ஐத் தொட்டுவிடும், அதே பதிவிலுள்ள பேச்சோ வெகு கீழே கிடக்கும். நம் செவி தொடர்ந்து ஒலிப்பதைக் கொண்டே சத்தத்தை மதிப்பிடுகிறது. அதற்கான அலகு எல்.யு.எப்.எஸ். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ்.1770 விதிப்படி அது, செவி கூர்மையாக உணரும் ஒலிகளுக்குக் கூடுதல் நிறை கொடுத்து, நீண்ட மௌனங்களைக் கணக்கில் சேர்க்காமல் அளக்கிறது. கணினியில் எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருள் இருந்தால் இந்தக் கட்டளை கோப்பை மாற்றாமல் அளந்து மட்டும் காட்டும்:

```
ffmpeg -i padam2.mp4 -af loudnorm=print_format=summary -f null -
```

Input Integrated என்ற வரியில் சத்தமும், Input True Peak என்ற வரியில் உச்சமும் இருக்கும். மாற்றம் செய்யாத மூலப் பதிவுகளையே அளந்து பாருங்கள்.

அவரே: அளந்தேன். முதலாவது −19, உச்சம் −5. இரண்டாவது −27, உச்சம் −9. மூன்றாவது −16, உச்சம் −0.5. எல்லாவற்றையும் எந்த எண்ணுக்குக் கொண்டுவருவது?

ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் −23 கைத்தொலைபேசிக்கு மிகத் தணிவு. யூடியூப் ஏறக்குறைய −14ஐ மீறுவதைத் தானே தணிக்குமே தவிர, குறைவானதை உயர்த்தாது. ஆகவே தணிந்த காணொளி அங்கேயும் தணிந்தே ஒலிக்கும். பேச்சு மிகுந்த தொடருக்கு நான் −16ஐயே விரும்புகிறேன்.

முதலாவதை 3 டெசிபல் உயர்த்துங்கள். உச்சம் −2இல் நிற்கும், வேறு வேலையில்லை. இரண்டாவதற்கு 11 டெசிபல் தேவை. அப்போது உச்சம் +2க்குப் போய் உடையும் என்பதால், உயர்த்திய பின், உச்சம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை −1இல் வைத்து, துருத்தி நிற்கும் கணங்களை மட்டும் 3 டெசிபல் அழுத்தி, மீண்டும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அந்த 11 டெசிபல் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளிகளை ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சல் உறுத்தினால் முதலில் அதைக் குறைத்துவிட்டே உயர்த்த வேண்டும்.

மூன்றாவதின் எண் சரியாக இருப்பதால் அதை விட்டுவிடத் தோன்றும். அதுதான் சிக்கலான காணொளி. அதில் அண்ணாவியாரின் பேச்சையும் ஆட்டத்தையும் தனித்தனியே வெட்டி அளந்து பாருங்கள்.

அவரே: பேச்சு −24, மத்தளமும் சல்லாரியும் வரும் பகுதி −14. பாதிக்கு மேல் ஆட்டம்தான்.

அதனால்தான் சராசரி −16க்கு ஏறியிருக்கிறது. பார்ப்பவர் பேச்சைக் கேட்க ஒலியைக் கூட்டுவார். ஆட்டம் தொடங்கியதும் பதறிக் குறைப்பார். பேச்சுப் பகுதியை மட்டும் 8 டெசிபல் உயர்த்தி −16க்குக் கொண்டுவந்து, ஆட்டத்தை −14இலேயே விட்டு, அதன் உச்சத்தை மட்டும் லிமிட்டரால் −1க்கு இறக்குங்கள். தொடர் முழுவதிலும் ஒத்திருக்க வேண்டியது குரலின் அளவே.

அக்கரைப்பற்றிலிருந்து: நான் கணித வகுப்புக் காணொளி போடுகிறேன் சேர். பலகைப் பக்கம் திரும்பினால் குரல் தணிந்துவிடுகிறது. எனக்கும் −16தானா?

உங்கள் சிக்கல் ஒரே காணொளிக்குள் இருக்கிறது. முழுக் கோப்பையும் −16க்குக் கொண்டுவந்தாலும் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி உங்களோடு சேர்ந்து திரும்பும் என்பதால் அதுவே முதல் தீர்வு.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: தம்பி, களரியில் மத்தளம் பேச்சை விட 2 டெசிபல்தானா கூட இருக்கும்? இப்படிச் சமப்படுத்தினால் வடமோடி ஆட்டத்தின் வீறு போய்விடும்.

நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு ஐயா. 4 டெசிபல் இடைவெளி வேண்டுமென்றால் ஆட்டத்தை −12க்கு ஏற்றலாம். ஆனால் முழுக் காணொளியும் −14ஐத் தாண்டினால் யூடியூப் பேச்சையும் சேர்த்தே தணிக்கும். அல்லது பேச்சை −18க்கு இறக்கலாம். அப்போது முந்தைய காணொளியிலிருந்து வருபவர் குரலுக்காக ஒலியைக் கூட்டுவார். ஆட்டம் மட்டுமே உள்ள காணொளியில் உங்கள் பக்கமே நிற்பேன். பேச்சும் ஆட்டமும் மாறி மாறி வருவதில் எந்த இடைவெளி பொருந்தும் என்பதை, அண்ணாவியாரையே பக்கத்தில் இருத்தி, கைத்தொலைபேசியில் ஒலியைத் தொடாமல் இரண்டாவதின் இறுதியையும் மூன்றாவதின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டே முடிவு செய்யுங்கள்.