ராத்திரி சர்க்கரை மாத்திரையும் ரெண்டு ரவுண்டும்

"சார், எனக்கு 54 வயசு. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இன்னிக்கு சாயங்காலம் ஃபிரெண்ட்ஸோட ரெண்டு ரவுண்டு போகும். ராத்திரி மாத்திரையை விட்டுடவா, போட்டுக்கவா?"

விட வேண்டியது ரவுண்டைத்தான். அதை விடப் போவதில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது, அதனால் மேலே சொல்கிறேன். உங்கள் மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்தில் இன்று கவலைப்பட வேண்டியது கிளிமிபிரைடு. அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்றெல்லாம் அது பார்க்காது. போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யும்.

என் கவுன்டரில் போன மாதம் ஒருவர் இதே மாத்திரையில் அரை அட்டை கேட்டார்.

"தம்பி, இதைப் போட்டுட்டு ஒரு குவார்ட்டர் அடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"சாப்பாடு எப்பண்ணே?"

"அதெல்லாம் கடைசியிலதான். சில நாள் சாப்பிடாமலே படுத்துருவேன். சைடு டிஷ்லயே வயிறு ரொம்பிரும்."

"மாத்திரை எப்ப போடுவீங்க?"

"கிளம்பறப்பவே வீட்ல போட்டுட்டுதான் போவேன். அப்புறம் மறந்துரும்ல."

மனுஷன் பொறுப்பாகத்தான் இருக்கிறார், அதுதான் சிக்கல். கணக்கை அவரிடமே போட்டுக் காட்டினேன். ஏழரைக்கு மாத்திரை. எட்டு மணிக்குக் குவார்ட்டர் ஆரம்பம். 180 மில்லி பிராந்தியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம் இருக்கும். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எட்டு, பத்து கிராம் அளவுக்குத்தான் அதைக் கரைக்கும், ஆக விடிகாலை இரண்டு, மூன்று மணி வரை அதற்கு அந்த வேலைதான். சாதாரண நாளில் நாம் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். முதலில் சேமித்து வைத்திருப்பதை விடும், அது குறையக் குறையப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். சாராயம் உள்ளே இருந்தால் அந்தத் தயாரிப்பு படுத்துவிடும். வயிற்றில் இருப்பதோ கொஞ்சம் சுண்டலும் இரண்டு அவித்த முட்டையும். இதற்கு நடுவே ஏழரைக்குப் போட்ட மாத்திரை இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் சர்க்கரை விழுவது பெரும்பாலும் பார்ட்டியில் இல்லை, நள்ளிரவுக்கு அப்புறம், எல்லோரும் தூங்கும்போது.

"படுக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல பாத்தேன் தம்பி, 210 இருந்துச்சே" என்றார். இருக்கும்தான். கோலா கலந்து குடித்திருக்கிறார், பீர் என்றாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அது சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அந்த 210 பத்தரை மணிக் கதை. மூன்று மணிக்கு 50 ஆகாது என்று அது எந்த உறுதியும் தருவதில்லை. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை போட்டுப் படுத்தவர்களும் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதில் பயங்கரமான விஷயம், சர்க்கரை விழுந்தவரும் போதையில் இருப்பவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். நாக்குக் குழறும், தள்ளாடுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார், எரிந்து விழுவார். வாயில் வாடை வேறு. வீட்டில் இருப்பவர்கள் "குடிச்சிட்டு வந்துட்டார், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். உடம்பு ஜில்லென்று நனைந்து வியர்த்தால், கை நடுங்கினால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். எது போதை, எது தாழ்சர்க்கரை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல மருத்துவராலும் முடியாது, மெஷின்தான் சொல்லும்.

"எனக்கும் சர்க்கரைதான், நான் வருஷக்கணக்கா குடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்று இன்று உங்கள் மேஜையிலேயே ஒருவர் சொல்வார். அவர் போடுவது வெறும் மெட்ஃபார்மினாக இருக்கலாம். அது இன்சுலினைச் சுரக்க வைப்பதில்லை, அதனால் தனியாகப் போட்டால் சர்க்கரையை இப்படித் தரையில் தள்ளுவது அபூர்வம். ஆனால் மிக அதிகமாகக் குடிப்பவருக்கோ சிறுநீரகம், கல்லீரல் கெட்டவருக்கோ மெட்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடக்கூடும், அதற்கு ஐ.சி.யு.தான். அவருக்கு வேறு கணக்கு, உங்களுக்கு வேறு கணக்கு. இருவரும் "சர்க்கரை மாத்திரை" என்றே சொல்வீர்கள், அட்டையின் பெயரும் ஓர் எழுத்து, ஓர் எண் வித்தியாசத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதில் ஏதாவது ஒரு பெயர் ‘கிளி’ என்று தொடங்கினால் (கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு) நான் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்.

பொடி எழுத்தைப் படிக்க அட்டை கையில் இருக்க வேண்டுமே! எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கவரில் போட்டுத் தருகிறார்கள், பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில். "அதே மருந்துதான் சார், கம்பெனி மட்டும் வேற" என்று சொல்லி, வெறும் மெட்ஃபார்மின் எழுதியவருக்குக் ‘கிளி’ சேர்ந்த அட்டையைக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். கொடுத்த பையன் பார்மசி படிக்கவில்லை, படித்தவரின் சான்றிதழ் மட்டும் சுவரில் வாடகைக்குத் தொங்கும், ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். சட்டம் பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்கச் சொல்கிறது. சோதனை வரும் அன்று எல்லாம் சரியாக இருக்கும். மருத்துவருக்கோ சீட்டு எழுதவே நேரமில்லை, "குடிப்பீங்களா" என்று எங்கே கேட்கப்போகிறார்? பல்வலிக்குத் தரும் மெட்ரோனிடசோலோடு குடிக்கக் கூடாது என்று ஊருக்கே தெரியும். இந்த மாத்திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முழு அட்டையாகக் கேளுங்கள், பில்லில் மருந்தின் பெயரைச் சரிபாருங்கள்.

சரி, இன்று ராத்திரிக்கு வருவோம். போயே ஆக வேண்டும் என்றால் 60 மில்லியோடு நிறுத்துங்கள், அதுவும் சாப்பாட்டோடு. மாத்திரையை வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், இட்லியோ சப்பாத்தியோ சோறோ தட்டில் வந்த பிறகு போடுங்கள். ராத்திரி சாப்பிடவே இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். சாப்பிட்டிருந்தால் குடிப்பதற்காக மாத்திரையை விடுவது வழக்கமாகிவிடக் கூடாது, அதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். படுக்கும் முன் 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால். மூன்று மணிக்கு அலாரம் வைத்து மறுபடி பாருங்கள், என்ன மாத்திரை என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

70க்குக் கீழே போய் நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஏறிவிட்டது என்று தூங்கப் போகவும் கூடாது. இந்த மருந்து உள்ளே இருக்கும்வரை சர்க்கரை திரும்பவும் விழும், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி எழுந்து உட்கார்ந்தவரைக்கூட ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், "நல்லாயிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

நாளைக் காலை மாத்திரைக்கு முன்னால் சர்க்கரையைப் பாருங்கள். வாந்தி வருகிறது, டிபன் இறங்காது என்றால் மாத்திரையைப் போடாமல் மருத்துவருக்குப் போன் பண்ணுங்கள்.