5 மி.லி.யில் இத்தனை மி.கி., 1 மி.லி.யில் இத்தனை சொட்டு: மருந்தாளுநரிடம் கேள்வி பதில்

கேள்வி: ஏழு கிலோ எடையுள்ள எங்கள் குழந்தைக்குக் காய்ச்சலுக்காக மருத்துவர் பாராசிட்டமால் டிராப்ஸ் 0.9 மி.லி. எழுதித் தந்திருந்தார். டிராப்ஸ் தீர்ந்துவிட்டது. வீட்டில் அதே மருந்தின் சிரப் இருக்கிறது. அதிலும் 0.9 மி.லி. கொடுத்தால் போதுமா, ஐயா?

பதில்: போதாது. மருத்துவர் எழுதியது 0.9 மி.லி. என்றாலும், அவர் மனத்தில் இருந்தது மி.கி. கணக்குதான் என்பதால், நாமும் முதலில் மி.கி.க்குத் திரும்பிச் சென்றுவிட்டுப் பிறகு சிரப்பின் மி.லி.க்கு வர வேண்டும். உங்கள் டிராப்ஸ் பாட்டிலில் 1 மி.லி.யில் 100 மி.கி. என்று அச்சிட்டிருந்தால், 0.9 மி.லி.யில் 90 மி.கி. மருந்து இருந்திருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. வரை என்பது இம்மருந்தின் வழக்கமான ஒரு வேளை அளவு. ஏழு கிலோவுக்கு அது 70 முதல் 105 மி.கி. வரை வரும். ஆகவே 90 என்பது பொருந்துகிறது. மாற்றும் வேலையைத் தொடங்கும் முன்பே இந்தச் சரிபார்ப்பைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் தொடக்க எண் தவறாக இருந்தால் அதன்பின் எத்தனை சரியாகக் கணக்கிட்டாலும் பயனில்லை.

இனி சிரப்பின் லேபிளைப் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. என்று இருந்தால், 120ஐ 5ஆல் வகுக்க, 1 மி.லி.யில் 24 மி.கி. கிடைக்கும். 90ஐ 24ஆல் வகுத்தால் 3.75 மி.லி. வரும். அதுவே 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால், 1 மி.லி.யில் 50 மி.கி.; 90ஐ 50ஆல் வகுக்க 1.8 மி.லி. மட்டுமே தேவைப்படும். ஒரே மருந்து, ஒரே குழந்தை, ஒரே 90 மி.கி.; ஆனால் பாட்டிலைப் பொறுத்து 0.9, 1.8, 3.75 என்று மூன்று அளவுகள் வருகின்றன.

நீங்கள் நினைத்தபடி 120 சிரப்பில் 0.9 மி.லி. கொடுத்திருந்தால், குழந்தைக்குச் சேர்ந்திருப்பது 21.6 மி.கி.தான், காய்ச்சல் குறைந்திராது. அதைவிட அஞ்ச வேண்டியது இதன் மறுபக்கம். சிரப்பில் 3.75 மி.லி. கொடுத்துப் பழகியவர்கள், டிராப்ஸ் வாங்கி அதிலும் 3.75 மி.லி. கொடுத்துவிட்டால், 375 மி.கி. உள்ளே போய்விடும். இது உரிய அளவைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்தில் இது சிறிய பிழை அன்று. பாட்டில் மாறுகிறது என்றால், கணக்கை நீங்களே செய்திருந்தாலும், ஊட்டுவதற்கு முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அந்த எண்ணைச் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாமா? லேபிளில் எண் பெரிதானால் மருந்தின் வீரியம் அதிகம், எனவே அளவைக் குறைக்க வேண்டும். 250 சிரப் 125ஐவிட இரு மடங்கு வீரியம் உள்ளது. 100 என்று போட்டிருக்கும் டிராப்ஸ் இரண்டையும்விட மென்மையானது, அதனால்தான் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

பதில்: 250, 125 இரண்டையும் ஒப்பிட்டது சரி, ஏனென்றால் இரண்டுக்கும் கீழே 5 மி.லி. என்பது பொதுவாக இருக்கிறது. மூன்றாவதில்தான் தவறிவிட்டீர்கள். டிராப்ஸின் 100 மி.கி. என்பது 1 மி.லி.க்கு உரியது. அதை 5 மி.லி.க்கு மாற்றினால் 500 மி.கி. ஆகிறது. ஆகவே மூன்றிலும் வீரியம் மிகுந்தது கைக்குழந்தைக்கு என்று விற்கப்படும் டிராப்ஸ்தான். குழந்தையால் அதிகத் திரவத்தை விழுங்க முடியாது என்பதற்காகவே தேவையான மருந்தைக் குறைந்த நீர்மத்தில் அடக்கித் தருகிறார்கள்.

பெரிய எண்ணை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இப்யூபுரோஃபென் நல்ல எடுத்துக்காட்டு. சில நாடுகளில் அதன் குழந்தைச் சொட்டு மருந்தில் 1.25 மி.லி.யில் 50 மி.கி. என்றும், பெரிய குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.யில் 100 மி.கி. என்றும் அச்சிட்டிருக்கும். 50 சிறியது என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் முதலாவது 1 மி.லி.க்கு 40, இரண்டாவது 1 மி.லி.க்கு 20. அதனால் லேபிளில் மேலே இருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தப் பாட்டிலானாலும் 1 மி.லி.யில் எவ்வளவு என்று வகுத்து, அதை லேபிளின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட்டே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் டிராப்பரில் கோடுகள் அழிந்துவிட்டன. 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. என்று படித்திருக்கிறேன். 0.9 மி.லி.க்கு 18 சொட்டு எண்ணிக் கொடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது எதற்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மருந்துத் தரநூல்கள் வரையறுக்கும் ஒரு நிலையான டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள தண்ணீரை நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழவிட்டால், 20 சொட்டின் எடை ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். இந்த நிபந்தனைகளில் ஒன்று மாறினாலும் எண்ணிக்கை மாறிவிடும். நுனி அகலமாக இருந்தால் சொட்டு பெரிதாகும். சர்க்கரைப் பாகு, எண்ணெய், சாராயம் கலந்த கரைசல் ஆகியவற்றின் பரப்பு இழுவிசை தண்ணீரைப் போல் இராது. சாராயக் கரைசலில் சொட்டு மிகவும் சிறுத்துவிடும். டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தாலும், ரப்பரை வேகமாக அழுத்தினாலும் அளவு வேறுபடும்.

இதனால்தான் சொட்டுக் கணக்கில் கொடுக்கும் மருந்துகளில் தயாரிப்பாளரே அந்தப் பாட்டிலுக்கான எண்ணைக் குறிப்பிடுகிறார். வலி நீக்கியான டிராமடால் சொட்டு மருந்து ஒன்றில் 1 மி.லி.க்கு 40 சொட்டு. அதில் 100 மி.கி. இருப்பதால் ஒரு சொட்டில் 2.5 மி.கி. ஆகிறது. குளோனசெபாம் சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 2.5 மி.கி., ஒரு சொட்டில் 0.1 மி.கி. என்று இருந்தால், 1 மி.லி.க்கு 25 சொட்டு என்று நாம் பின்னோக்கிக் கணக்கிட முடியும். இவ்விரண்டுக்கும் 20 என்று எடுத்துக்கொண்டவர் இரண்டிலும் தவறியிருப்பார்.

உங்கள் டிராப்பர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்பினால், உலர்ந்த சிறு கிண்ணத்தில் அதே மருந்தை, தண்ணீரை அன்று, செங்குத்தாகப் பிடித்து 40 சொட்டு எண்ணி விடுங்கள். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எத்தனை மி.லி. என்று பாருங்கள். 1.4 மி.லி. வந்தது என்று வைத்துக்கொள்வோம், 40ஐ 1.4ஆல் வகுக்க 1 மி.லி.க்கு ஏறக்குறைய 29 சொட்டு. அப்போது நீங்கள் எண்ணிய 18 சொட்டில் 0.63 மி.லி., அதாவது 63 மி.கி. மட்டுமே இருக்கும். கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மருந்தால் இந்த அளவீடு சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இது ஒரு சோதனைதான்; இதை வைத்துச் சொட்டு எண்ணிக் கொடுக்கத் தொடங்காமல், வாய்வழி மருந்துக்கான 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை வாங்கிக் கோட்டைப் பார்த்தே கொடுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். டிரிப் செட்டின் உறையில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றும், மைக்ரோ செட்டில் 60 என்றும் போட்டிருக்கும். அதை நம்பித்தான் நாங்கள் வேலை செய்கிறோம். ஆனாலும் சொட்டை எண்ணிவிட்டதோடு நாங்கள் நிற்பதில்லை. பாட்டிலில் நேரக் கோடு ஒட்டி மணிக்கொரு முறை பார்க்கிறோம். சொட்டை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமா?

பதில்: வாயில் ஊட்டும் மருந்தைப் பற்றியே மேலே சொன்னேன், உங்கள் துறையில் நிலைமை வேறு, நீங்கள் செய்வதும் முற்றிலும் சரி. டிரிப் செட்டின் முனை அந்த எண்ணுக்காகவே செய்யப்பட்டது; அதோடு அங்கே சொட்டு என்பது மருந்தின் அளவைக் காட்டுவதில்லை, வேகத்தைக் காட்டுகிறது. 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் செலுத்த வேண்டுமானால், 20 சொட்டு செட்டில் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மைக்ரோ செட்டில் 60 சொட்டும் 60 நிமிடமும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, இங்கே 125. அந்த வேகத்தைக் கண்ணால் எண்ணுவது கடினம் என்பதால் அப்படிப்பட்ட இடத்தில் மைக்ரோ செட்டைத் தேர்ந்தெடுக்க மாட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். மற்ற வாசகர்கள் கவனிக்க வேண்டியது நீங்கள் சொன்ன நேரக் கோட்டை: சொட்டு எண்ணிக்கை தவறினால் அதைக் காட்டிக்கொடுப்பது மி.லி.தான்.

கேள்வி: என் பேரனுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து. பழைய பாட்டிலில் 1 மி.லி.யில் 400 ஐ.யு., புதியதில் ஒரு சொட்டில் 400 ஐ.யு. இரண்டிலும் 400தானே? இதை மி.கி. ஆக்கினால் எளிதாக இருக்குமா?

பதில்: புதிய பாட்டிலைப் பழைய டிராப்பரால் எடுத்துவிடாதீர்கள், அம்மா. அதில் 1 மி.லி.க்கு 30 சொட்டு விழுவதாகக் கொண்டால், ஒரு டிராப்பர் நிறையக் கொடுத்தது 12,000 ஐ.யு. ஆகிவிடும். குழந்தைகளுக்கு வைட்டமின் டி கொடுக்கும் டிராப்பர்களால் அளவு மிஞ்சக்கூடும் என்று 2010இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. மி.கி. ஆக்குவதால் எளிமை வராது: இந்த வைட்டமினில் 40 ஐ.யு. சேர்ந்தால் 1 மைக்ரோகிராம், ஆகவே 400 ஐ.யு. என்பது 0.01 மி.கி.; அவ்வளவு சிறிய தசமத்தில் புள்ளி இடம் மாறிவிடுவது எளிது. ஐ.யு. கணக்கு ஒவ்வொரு பொருளுக்கும் வேறு என்பதால், இந்த 40ஐ வைட்டமின் ஏ போன்றவற்றுக்கு எடுத்துச் செல்லவும் கூடாது. புதிய பாட்டிலில் ஒரே சொட்டு, அதன் சொந்த முனையிலிருந்து, பழையதை அகற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் பதிலில் 3.75 மி.லி. என்றீர்கள். என் 5 மி.லி. சிரிஞ்சில் 0.2 மி.லி.க்கு ஒரு கோடுதான் இருக்கிறது. 3.6ஆ, 3.8ஆ?

பதில்: 3.8 மி.லி. எடுத்தால் 91.2 மி.கி., 3.6 எடுத்தால் 86.4 மி.கி. இரண்டும் 70க்கும் 105க்கும் இடையில் இருப்பதால், இந்த மருந்தில் இந்தக் குழந்தைக்கு இரண்டுமே ஏற்கத்தக்கவை. எதைத் தேர்வது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை: அருகில் உள்ள கோட்டுக்குப் போகலாம் என்போரும் உண்டு, குழந்தைகளுக்கு எப்போதும் கீழ்நோக்கியே முழுமைப்படுத்த வேண்டும் என்போரும் உண்டு. பாராசிட்டமாலில் நான் முதல் தரப்பு. ஆனால் டிகாக்சின் போல, பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்துகளில் முழுமைப்படுத்தும் உரிமையை நானே எடுத்துக்கொள்வதில்லை. எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, சிரிஞ்சில் எந்தக் கோடுகள் இருக்கின்றன என்பதையும் சொல்லி, அவர் குறிப்பிடும் கோட்டையே லேபிளில் எழுதித் தருகிறேன்.