குத்தகை 7.5 சதவீதம், கடன் 10 சதவீதம்: எது மலிவு?

கேள்வி: 10 லட்சம் விலையுள்ள ஓர் இயந்திரம் வேண்டும். விற்பனையாளர் தந்த ஒப்பீட்டுத் தாளில், குத்தகை என்றால் 48 மாதத் தவணை, மாதம் 22,917, எச்ச மதிப்பு 2 லட்சம், வட்டி 7.5% என்றிருக்கிறது. கடனில் வாங்கினால் 10% வட்டி, மாதம் 25,363. மொத்தத்தில் குத்தகை 1,17,408 மலிவு என்கிறார்கள். இந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்:

கூட்டல், கழித்தலில் பிழை இல்லை. 22,917-ஐ 48-ஆல் பெருக்கினால் 11,00,016. 25,363-ஐப் பெருக்கினால் 12,17,424. வித்தியாசம் அவர்கள் சொன்னதேதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல. கடனை அடைத்து முடித்த அன்று இயந்திரம் உங்களுடையது. குத்தகை முடிந்த அன்று அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது இன்னும் 2 லட்சம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த 2 லட்சம் குத்தகைத் தவணையைக் குறைத்துக் காட்ட மட்டும் பயன்பட்டிருக்கிறது. வாங்குபவரின் கணக்கில் வரவாக எங்கும் எழுதப்படவில்லை. இத்தகைய தாள் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அதைவிட என் கண்ணை உறுத்துவது அந்த 7.5 சதவீதம். தவணை, எச்ச மதிப்பு, விலை, மாதங்கள் ஆகிய நான்கும் தெரிந்தால் வட்டி தானாகவே தீர்மானமாகிவிடும். அதைத் தனியாக ஒருவர் அறிவிக்க வேண்டியதில்லை. அறிவித்திருந்தால், மற்ற நான்கோடு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

கணினி இல்லாமலேயே ஒரு தோராயக் கணக்குப் போடுவேன். குத்தகை தரும் நிறுவனம் இன்று உங்கள் பொருட்டு 10 லட்சம் போடுகிறது. நான்கு ஆண்டுகளில் தவணைகள் வழியாக 8 லட்சம் அசல் அதற்குத் திரும்பிவிடும். மீதி 2 லட்சம் இயந்திரத்தின் வடிவில் நிற்கும். ஆக, நிலுவை 10 லட்சத்தில் தொடங்கி 2 லட்சத்தில் முடிகிறது. சராசரியாக 6 லட்சம். நீங்கள் கட்டும் 11 லட்சத்தில் 8 லட்சம் அசல் போக 3 லட்சம் வட்டி, அதாவது ஆண்டுக்கு 75,000. ஆறு லட்சத்துக்கு 75,000 என்பது 12.5%.

அப்படியானால் 7.5 எங்கிருந்து வந்தது? 75,000-ஐ 10 லட்சத்தால் வகுத்திருக்கிறார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு 10 லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. பிளாட் வட்டி என்பார்களே, அதுதான் இது. பக்கத்தில் இருக்கும் 10 சதவீதக் கடனோ குறையும் நிலுவைக்குப் போட்ட வட்டி. இரண்டையும் அருகருகே அச்சிட்டால் குத்தகை மலிவாகத் தெரியாமல் எப்படி இருக்கும்?

துல்லியமாகப் பார்க்க விரிதாளில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
=RATE(48,-22917,1000000,-200000,1)*12
=-PMT(0.075/12,48,1000000,-200000,0)
```

முதல் வரி உண்மையான ஆண்டு வட்டியைத் தரும்: சுமார் 12.15%. என் தோராயம் சற்றுக் கூடுதலாக வந்ததற்குக் காரணம் உண்டு. தவணையில் தொடக்க மாதங்களில் வட்டிப் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் குறையும். எனவே சராசரி நிலுவை 6 லட்சத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். இரண்டாவது வரி, 7.5% என்பது குறையும் நிலுவைக்கு உரியதாக இருந்தால் தவணை எவ்வளவு வர வேண்டும் என்று சொல்லும்: மாதக் கடைசியில் 20,593. கேட்பதோ 22,917.

முதல் வரியின் முடிவில் இருக்கும் 1 என்பதைக் கவனியுங்கள். தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுவதாகப் பொருள். குத்தகைகளில் முதல் தவணையைக் கையெழுத்திடும் அன்றே வாங்கிவிடுவது வழக்கம் என்பதால் அப்படிப் போட்டேன். உங்கள் ஒப்பந்தத்தில் மாதக் கடைசி என்றிருந்தால் அங்கே 0 போடுங்கள், விடை 11.7 சதவீதமாக இறங்கும். திருப்பித் தரும் முன்பணம் ஏதாவது கேட்டிருந்தால் அதையும் 10 லட்சத்திலிருந்து கழித்து, கடைசித் தொகையிலும் கழித்துப் பாருங்கள். வட்டி இன்னும் ஏறும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். உங்களுக்கு 10 சதவீதத்தில் கடன் கிடைக்கிறது என்பதால் இரண்டு வழிகளையும் அதே 10 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதுதான் நியாயம். 48 குத்தகைத் தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 9,11,100. வாங்கும் வழியில் இன்றைய மதிப்பு 10 லட்சம். அதிலிருந்து நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்கும் 2 லட்சத்தின் இன்றைய மதிப்பான 1,34,300-ஐக் கழித்தால் 8,65,700. ஆக, குத்தகைதான் ஏறத்தாழ 45,400 அதிகம்.

ஆனால் இந்த முடிவு முழுக்க ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: நான்கு ஆண்டு ஓடிய இயந்திரம் 2 லட்சத்துக்கு விலைபோகும் என்பதே அது. எந்த விலையில் இரண்டு வழிகளும் சமமாகும் என்று பார்த்தேன், சுமார் 1,32,400. அதற்குக் கீழே போகும் என்று நினைத்தால் குத்தகைக்கு அர்த்தம் இருக்கிறது. அதே மாதிரியில் நான்கு, ஐந்து ஆண்டு ஓடிய இயந்திரங்கள் என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று பழைய இயந்திரம் வாங்கி விற்பவர் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். நான்காண்டில் மாதிரியே மாறிவிடும் மின்னணுக் கருவியா, இருபது ஆண்டு உழைக்கும் இரும்பா என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். இதற்குச் சூத்திரம் கிடையாது. வரிச் சலுகை, பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பதெல்லாமும் 45,000 அளவு வித்தியாசத்தை எளிதில் புரட்டிப்போடும். அவற்றை உங்கள் கணக்காளர் உங்கள் எண்களோடு பார்க்க வேண்டும்.

விலைவீழ்ச்சிக்குப் பயந்து குத்தகை எடுப்பதானால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவைத் தேடிப் படியுங்கள்: எச்ச மதிப்புக்கு யார் பொறுப்பு? நான் கணக்குப் பார்த்துவந்த ஓர் அச்சகத்தில் இதைப் படிக்காமல் விட்டேன். குத்தகை முடிந்து இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பில் வந்தது. இயந்திரம் 1,10,000-க்குத்தான் விற்றது, எச்ச மதிப்பில் குறையும் 90,000-ஐக் குத்தகை எடுத்தவர் ஈடுகட்ட வேண்டும் என்றிருந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், ஏழாம் பக்கத்தில் ஒன்றரை வரியில் அது எழுதியிருந்தது. கீழே எங்கள் முத்திரையும் இருந்தது. அச்சக முதலாளி என்னைத் திட்டவில்லை. "இதையும் சேர்த்துத்தானே ஐயா குத்தகை மலிவு என்று சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் ஒப்பந்தத்திலும் அந்தப் பிரிவு இருந்தால் 1,32,400 என்ற கணக்கையே மறந்துவிடுங்கள். விலை எவ்வளவு விழுந்தாலும் நட்டம் உங்களுக்குத்தான் என்றாகிவிடுவதால், மிஞ்சுவது 12.15 சதவீதக் கடனா, 10 சதவீதக் கடனா என்ற கேள்வி மட்டுமே.